விழுங்கச் சிரமப்படும் முதியவரின் தட்டு: புகைப்படத்தில் எது தெரியும், எது தெரியாது

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தினமும் வாட்ஸ்அப்பில் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார். அதைப் பார்த்தே இது அம்மாவுக்கு ஆகும், ஆகாது என்று சொல்லிவிடலாமா?

"ஆகாது" என்று சொல்லப் படம் போதும். "ஆகும்" என்று சொல்லப் போதாது.

தட்டில் கடுகு கிடக்கிறது, மசியலைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது, சோறு பருக்கை பருக்கையாக இருக்கிறது என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே போன் செய்து நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அந்த மசியல் அண்ணத்தில் ஒட்டுமா, வாய்க்குள் போனதும் நீர்த்துப்போகுமா, உள்ளே கையில் மட்டுமே தட்டுப்படும் திப்பி இருக்கிறதா என்பதைக் கேமரா காட்டாது. அதற்கு அங்கே இருப்பவர் ஸ்பூனையும் முள்கரண்டியையும் வைத்து அரை நிமிடம் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைப் படம் எடுத்து அனுப்பினால்தான் உங்களால் ஓரளவு நம்பிக்கையோடு பேச முடியும்.

இன்னொன்று. படத்தை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். "மெத்தென்று இருக்கிறதா" என்பது சரியான கேள்வி அல்ல. அம்மாவுக்கு எந்தப் பதம் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் உள்ளது அந்தப் பதம்தானா என்பதுதான் கேள்வி. அப்படி யாரும் சோதிக்கவே இல்லை என்றால், படத்தைப் பார்த்து நாம் ஒரு பதத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் தாளில் "நிலை 4" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு "நிலை 5". இரண்டும் மசித்த சாப்பாடுதானே?

இல்லை. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அளவுமுறை சாப்பாட்டையும் பானங்களையும் 0 முதல் 7 வரை பிரிக்கிறது. வீட்டுச் சமையலில் அதிகம் குழம்புவது 4, 5, 6 ஆகிய மூன்றில்தான்.

நிலை 4 என்றால் மெல்லவே தேவையில்லாத விழுது. கட்டி, திப்பி, தோல், விதை எதுவும் கூடாது. ஸ்பூனில் எடுத்தால் குவியலாக நிற்கும். ஸ்பூனைச் சாய்த்தால் ஒரே உருண்டையாக வழுக்கி விழும். மத்தால் கடைந்த சோறு எவ்வளவு குழைந்திருந்தாலும் பெரும்பாலும் இதில் சேராது. மிக்ஸி வேண்டும், பல நேரம் சல்லடையும் வேண்டும்.

நிலை 5இல் சிறு துணுக்குகள் இருக்கலாம். பெரியவர்களுக்கு அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; சாதாரண முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் துணுக்குகள் நாக்கால் அழுத்தினாலே நசுங்க வேண்டும், எல்லாம் ஈரமாக ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

நிலை 6இல் 15 மில்லிமீட்டர் வரை துண்டுகள் வரலாம். ஆனால் கடிக்க முடியாவிட்டாலும் அவருக்கு மென்று தின்னத் தெரிய வேண்டும். முள்கரண்டியின் முழு அகலமும் சுமார் 15 மில்லிமீட்டர் என்பதால் அளவுகோலாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுக்குப் பதில் நிறம் போட்டிருந்தால் 4 பச்சை, 5 ஆரஞ்சு, 6 நீலம்.

அப்படியானால் எப்படிப் படம் எடுக்கச் சொல்வது?

நேர் மேலிருந்து எடுத்த படம்தான் எல்லோரும் அனுப்புவது. அதுதான் இருப்பதிலேயே பயன் குறைந்தது. குவியலின் உயரம் தெரியாது, ஓரத்தில் கசியும் நீர் ஸ்டீல் தட்டின் பளபளப்பில் மறைந்துவிடும். ஃபிளாஷ் போட்டால் நெய்யின் மினுமினுப்பும் தண்ணீரின் மினுமினுப்பும் ஒன்றாகத் தெரியும்.

கேட்க வேண்டியது நான்கு படங்கள். முதலாவது, தட்டை மேசையில் வைத்து, தட்டின் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து பக்கவாட்டில், ஜன்னல் வெளிச்சத்தில். பக்கத்தில் முள்கரண்டி கிடக்கட்டும். அளவு அதிலிருந்து தெரியும். இரண்டாவது, முள்கரண்டியால் அள்ளித் தூக்கிப் பிடித்த படம். மூன்றாவது, ஒரு ஸ்பூன் எடுத்து, சாய்த்துக் கொட்டிய பிறகு காலியான ஸ்பூனின் படம். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: சாப்பிட்டு முடித்த பின் கிண்ணத்தில் மீந்ததன் படம்.

இரண்டாவது படத்தில் நிலை 4 விழுது பற்களின் மேல் குவியலாக உட்கார்ந்திருக்கும். கீழே சின்ன வால் போலக் கொஞ்சம் தொங்கலாம்; தொடர்ந்து சொட்டக் கூடாது. பற்களின் வழியே மெதுவாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறதென்றால் அது நிலை 3, அதாவது கெட்டிப் பானத்தின் பதம். மூன்றாவது படத்தில் ஸ்பூன் மேல் மெல்லிய படலம் மட்டும் இருக்கலாம். தடிமனாக ஒட்டிக்கொண்டிருந்தால், அல்லது ஸ்பூனைப் பலமாக உதறிய பிறகுதான் விழுந்தது என்று அவர் சொன்னால், அது தொண்டையிலும் அப்படித்தான் ஒட்டும்.

முடிந்தால் இரண்டாவது, மூன்றாவது படங்களுக்குப் பதிலாகப் பத்து நொடி வீடியோ கேளுங்கள். விழுந்தது உருண்டையாகவா, இழுவையாகவா என்பது அதில்தான் தெரியும்.

படம் வந்ததும் முதலில் எங்கே பார்ப்பது?

ஓரத்தில். குவியல் தட்டைத் தொடும் இடத்தைச் சுற்றித் தெளிந்த நீரோ, மெல்லிய குழம்போ வளையமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

விழுங்கும் தசைகள் மெதுவாக வேலை செய்பவருக்கு மிகவும் சிரமமானது ஒரே வாய்க்குள் இரண்டு பதம். கெட்டியான பாகத்தை நாக்கு இன்னும் திரட்டிக்கொண்டிருக்கும்போதே, நீர் முன்னால் ஓடித் தொண்டையில் இறங்கிவிடும். மூச்சுக்குழாய் அப்போது மூடியிருக்காது. புரை ஏறுவது அங்கேதான். நமக்கு நோயாளிச் சாப்பாடு என்றாலே நினைவுக்கு வரும் ரசம் சாதம் இந்தக் காரணத்தால்தான் பட்டியலில் மோசமான இடத்தில் இருக்கிறது: தண்ணீரான ரசம், அதில் மிதக்கும் பருக்கை. சேமியாப் பாயசமும், சாம்பாரில் ஊறிய இட்லியும், பாலில் போட்ட பிஸ்கட்டும் அதே வகை.

அடுத்து மேற்பரப்பைப் பாருங்கள். ஸ்பூன் இழுத்த தடம் அப்படியே நின்றால் பதம் பிடித்திருக்கிறது. தடம் மெல்ல மூடிக்கொண்டால் தளர்வு. தடத்தின் நுனி கூராக இழுபட்டு நூல் போல நின்றால் பசைத்தன்மை. மேற்பரப்பு மங்கி வெடித்திருந்தால் காய்ந்துவிட்டது. கேழ்வரகுக் கஞ்சியிலும் பாலிலும் ஆடை படிந்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். அது மெல்லவும் வராது, கரையவும் கரையாது.

கடைசியாகத் தாளிப்பு. கடுகு, உளுத்தம்பருப்பு, கருவேப்பிலை, மிளகு, சீரகம். வீட்டில் யாருக்கும் இது உணவுத் துணுக்காகவே தோன்றாது, அலங்காரமாகத்தான் தோன்றும். அதனால்தான் கவனமாக அரைத்த மசியலின் தலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மணம் வேண்டுமென்றால் நெய்யில் தாளித்து, வடிகட்டி, அந்த நெய்யை மட்டும் கலக்கலாம்; பெருங்காயத் தூளும் சீரகத் தூளும் தடையில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு நிலை 4 எழுதிக் கொடுத்தார்கள். மதியப் படத்தில் மசித்த பருப்பு சாதம், மஞ்சள் பூசணி மசியல், கிண்ணத்தில் தயிர். எல்லாம் மெத்தென்றுதான் தெரிகிறது. ஆனால் பாதி சாப்பிட்டதும் இருமுகிறார். எங்கே தப்பு?

முதலில், இருமல் தொடங்கிய வேளையோடு அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். தப்பு தட்டிலும் இருக்கலாம், அவர் களைத்துப்போவதிலும் இருக்கலாம், நிலையே மாற வேண்டியும் இருக்கலாம். தட்டை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பருப்பு சாதத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்பூன் பட்ட வெட்டில் வெள்ளை வெள்ளையாக முனைகள் தெரிந்தால் அவை உடையாத பருக்கைகள். அது நிலை 5இன் பக்கம் போய்விட்டது, நிலை 4 அல்ல. குவியலின் அடியில் மஞ்சள் நீர் கசிந்திருந்தால், சோற்றைத் தனியாக மசித்துவிட்டுப் பருப்புத் தண்ணீரைப் பிறகு ஊற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நீர் சோற்றோடு சேராது, சுற்றி நிற்கும்.

இதற்கு வழி, வேகும்போதே சேர்ப்பது. கால் கப் பச்சரிசி, இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒன்றரைக் கப் தண்ணீர். குக்கரில் நன்றாகக் குழைய விட வேண்டும். சூடாக இருக்கும்போதே ஒரு டீஸ்பூன் நெய்யோடு மிக்ஸியில் அரைக்க வேண்டும். ஆறிய சோற்றை அரைத்தால் கட்டி தட்டும். அதே நேரம், நிறைய நேரம் ஓட்டினால் சோற்றின் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிவிடும், போஸ்டர் ஒட்டுகிற பதத்துக்குப் போய்விடும். விட்டுவிட்டு ஓட்டி, வழவழப்பானதும் நிறுத்துவதே நல்லது. ஸ்பூனில் ஒட்டினால் சூடான பருப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் நிலை 3க்கு இறங்கிவிடும். கடைசியில் சல்லடையில் தேய்த்து எடுத்தால், மிக்ஸிக்குத் தப்பிய பருக்கை அங்கே நின்றுவிடும்.

பூசணி மசியலில் பார்க்க வேண்டியது நார். காயின் நடுவில் விதையைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற பகுதியைச் சுரண்டாமல் வேகவைத்தால் நூல் நூலாக வரும். ஸ்பூன் தடத்தில் கோடுகளாகத் தெரியும். வேகவைத்த நீரை வடிக்காமல் மசித்தால் ஓரத்தில் ஆரஞ்சு வளையம் நிற்கும். ஆவியில் வேகவைத்தால் இரண்டாவது பிரச்சினை பெரிதும் போய்விடும்.

தயிர்தான் இந்தத் தட்டில் ஏமாற்றுவது. உறைந்த தயிர் படத்தில் குறையே இல்லாத நிலை 4 போல வழவழவென்று நிற்கும். ஸ்பூன் போட்டு வெட்டியதும் அந்தக் குழியில் தெளிந்த நீர் ஊறும். பத்து நிமிடம் கழித்து அவர் எடுக்கும் ஸ்பூனில் பாதி தயிர், பாதி தண்ணீர். மெல்லிய துணியில் ஓரிரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு கடைந்து கொடுத்தால் அவ்வளவு எளிதில் பிரியாது.

இனி "பாதி சாப்பிட்டதும்" என்பதற்கு வருவோம். ஆரம்பத்தில் எடுத்த படத்தில் இதற்கு விடை கிடைக்காது. எச்சில் பட்ட ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போகிறது. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். சோறு, கஞ்சி, சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய சூப் எல்லாம் இப்படிச் சாப்பிடச் சாப்பிடவே நீர்த்துப்போகும். மீந்த கிண்ணத்தின் படத்தில் அடியில் நீர் தேங்கியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பெரிய கிண்ணத்திலிருந்து நான்கைந்து ஸ்பூன் மட்டும் வேறு ஒரு சின்னக் கிண்ணத்துக்கு எடுத்து, அதிலிருந்து ஊட்டி, தீர்ந்ததும் சுத்தமான ஸ்பூனால் மறுபடி எடுத்துக்கொண்டால் இது வராது. இதற்கு நேர்மாறாக, மீந்தது இறுகிக் கட்டியாகக் கிடந்தால், சோறு ஆறி மாவுச்சத்து கெட்டிப்பட்டிருக்கிறது. அப்போது சோதனையைச் சூட்டில் மட்டும் செய்தது போதாது. பதினைந்து நிமிடம் கழித்தும் ஒரு முறை ஸ்பூனைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

இட்லி மெத்தென்றுதானே இருக்கிறது? பல்லில்லாதவர்களுக்கெல்லாம் அதைத்தானே கொடுக்கிறோம்?

பல் இல்லாதவரும் விழுங்க முடியாதவரும் ஒருவர் அல்ல. பல் இல்லாதவர் ஈறால் நசுக்கி, எச்சிலில் ஊறவைத்து, திரட்டி விழுங்கிவிடுவார். இங்கே திரட்டுவதுதான் முடியாத வேலை. இட்லி வாயில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பிறகு உதிர்ந்து கன்னத்தில் ஒதுங்கும், அல்லது மாவு உருண்டையாகித் தொண்டையில் நிற்கும்.

நிலை 5 உள்ளவருக்கு வேண்டுமானால், சூடான இட்லியைக் கெட்டிப் பருப்பில் போட்டு உலர்ந்த துணுக்கே இல்லாமல் மசிக்கலாம். ஓரத்தில் நீர் நிற்கக் கூடாது, முள்கரண்டியால் அழுத்தினால் பற்களுக்கிடையே எளிதில் பிதுங்கி வர வேண்டும். படத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அவை ஊறாத இட்லி. நிலை 4க்கு மசித்த இட்லி ஆகாது. நிலை 6இல் கூட தெரபிஸ்ட்டைக் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது, ரொட்டியைப் போலவே.

உப்புமாவும் இடியாப்பமும் இதைவிடக் கடினம். முன்னது உதிரும், பின்னது இழையாக நின்று ஒட்டும். களி படத்தில் எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் ஒட்டும் வகை. மெல்லாமல் முழுங்கிப் பழகிய பெரியவர்கள் அதைக் கேட்டு அடம்பிடிப்பார்கள் என்பது தெரிந்ததுதான்.

நிலை 6க்கு வேகவைத்த கேரட் துண்டுகளின் படம் வந்திருக்கிறது. வெந்ததா வேகாததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டிய ஓரம் கூர்மையாக இருந்தால் வேகவில்லை என்று சொல்லலாம். மழுங்கியிருந்தால் வெந்திருக்கலாம், உறுதி இல்லை. ஒரு துண்டின் மேல் முள்கரண்டியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். நகம் வெளுக்கும் அளவு அழுத்தினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். நாக்கு விழுங்கும்போது கொடுக்கும் அழுத்தத்தை ஒட்டி வைத்த அளவு அது. துண்டு நசுங்கி, கரண்டியை எடுத்த பிறகும் நசுங்கியே கிடந்தால் சரி. பழையபடி எழும்பினால் ஆகாது. நசுங்கிய துண்டையும் வெளுத்த நகத்தையும் ஒரே படத்தில் எடுக்கச் சொன்னால் சந்தேகம் இருக்காது. ஒரு துண்டு போதாது. இருப்பதில் பெரிய துண்டை அழுத்த வேண்டும்.

டம்ளரில் கஞ்சி, கெட்டியாக்கிய மோர் இவற்றின் படத்தை அனுப்பினால்?

பானத்துக்குப் படம் அநேகமாக வீண். டம்ளருக்குள் நிலை 1உம் நிலை 3உம் ஒரே மாதிரி தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சை வாங்குங்கள்; 0 முதல் 10 வரையிலான அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லா சிரிஞ்சும் ஒன்றல்ல. உள்தண்டை எடுத்துவிட்டு, அடியை விரலால் மூடி, 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்து, சரியாக 10 நொடியில் மறுபடி மூட வேண்டும். 1 முதல் 4 மில்லி வரை மீந்தால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8க்கு மேல் மீந்து, கொஞ்சமாவது இறங்கியிருந்தால் நிலை 3. சொட்டுக் கூட இறங்காவிட்டால் நிலை 4. மீந்த அளவு தெரியும்படி சிரிஞ்சைப் படம் எடுத்து அனுப்பினால் அந்தப் படம் நம்பத் தக்கது. குடிக்கும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும், கஞ்சி ஆறினால் ஒரு நிலை மாறக்கூடும். திப்பி உள்ள கஞ்சியை வடிகட்டாமல் இதில் ஊற்றினால் துளை அடைபட்டு, கெட்டியாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

படமும் சரி, ஸ்பூன் சோதனையும் சரி, அம்மா இருமவும் இல்லை. இனி கவலைப்பட வேண்டாமா?

இருமல் இல்லாதது மட்டும் போதாது. தொண்டையில் உணர்வு குறைந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. சாப்பிட்ட பின் "அம்மா, பேர் சொல்லு" என்று பேச வைத்துக் கேளுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் களகளவென்றிருந்தால் ஏதோ தொண்டையில் குரல்வளைக்கு மேலே நிற்கிறது. அடிக்கடி லேசான காய்ச்சல், காரணம் தெரியாமல் எடை குறைவது, சாப்பாட்டு நேரம் வரவர நீள்வது ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீடியோ எக்ஸ்ரேயிலோ மூக்கு வழியாக விடும் கேமராவிலோ பார்த்துத்தான் நிச்சயிப்பார்கள்.

தட்டைப் படம் எடுப்பவரிடம், அம்மா உட்கார்ந்திருக்கும் விதத்தையும் ஒரு படம் கேளுங்கள். கட்டிலில் தலையணையில் சாய்ந்து, முகவாய் மேல்நோக்கி இருந்தால், மிகச் சரியான நிலை 4 விழுதும் தப்பான இடத்துக்குப் போகும். முதுகு நிமிர்ந்து, இடுப்பு ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. மூச்சே வராமல், குரலும் எழாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் அது அடைப்பு: பக்கத்தில் இருப்பவர் அவரை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்ட வேண்டும், இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் கொடுக்கக் கூடாது.